தட்டையாக்கினால் யீல்ட் குறைவது ஏன்? பௌஷிங்கர் விளைவும் பைப் சாம்பிளும்

கேள்வி: பைப் ஆலையில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எக்ஸ்65 தகடு வந்தபோது யீல்ட் 485 மெகாபாஸ்கல் காட்டியது. அதையே வளைத்து, வெல்ட் செய்து, விரித்துப் பைப் ஆக்கினோம். பைப்பிலிருந்து துண்டு வெட்டித் தட்டையாக்கி இழுத்தால் 441 தான் வருகிறது. எக்ஸ்65-க்குக் குறைந்தது 450 வேண்டும். குளிர் நிலையில் வளைத்தால் எஃகு கடினமாகும் என்றுதானே படித்தோம்? கூட வேண்டிய யீல்ட் எப்படிக் குறைந்தது? பைப்பை நிராகரிக்க வேண்டுமா?

பதில்:

பைப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். யீல்ட் இறங்கியது பைப்பில் இல்லை, நீங்கள் துண்டைத் தட்டையாக்கிய அந்த வேலையில். எஃகு கடினமானதும் உண்மை, உங்கள் மெஷின் 441 காட்டியதும் உண்மை. இரண்டும் ஒரே துண்டில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு நேர்த் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் யீல்ட், அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 400 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 2 சதவீதம் வரை இழுக்கிறோம். கடினமாகிக்கொண்டே போய், 480 மெகாபாஸ்கலில் நிறுத்துகிறோம். சுமையை எடுத்துவிட்டு மறுபடி அதே திசையில் இழுத்தால் ஏறத்தாழ 480 வரை நேர்க்கோட்டில் போகும், அதற்கு அப்புறம்தான் யீல்ட் ஆகும். பாடப்புத்தகத்தில் உள்ள திரிபுக் கடினமாதல் இதுதான்.

இப்போது மறுபடி இழுக்காமல், அதே துண்டை அமுக்குகிறோம். எஃகு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கடினமாகியிருந்தால் அமுக்கும்போதும் 480 வரை தாங்க வேண்டும். தாங்காது. 300 மெகாபாஸ்கலுக்கு முன்பே, சில எஃகுகளில் 200 பக்கத்திலேயே, கோடு வளையத் தொடங்கிவிடும். ஒருபுறம் கடினமான துண்டு, எதிர்ப்புறம் புதுத் துண்டைவிட மென்மையாகிவிட்டது. இதுதான் பௌஷிங்கர் விளைவு. இதை முறையாக அளந்து காட்டியவர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த யோஹான் பௌஷிங்கர். 1880களில் இரும்பிலும் எஃகிலும் சோதித்தார். அவரால் முடிந்ததற்குக் காரணம் அவரே உருவாக்கிய கண்ணாடி நீட்சிமானி. துண்டு மிக மிக நுண்ணிய அளவு நீண்டாலும் கண்ணாடி திரும்பி, தூரத்தில் உள்ள அளவுகோலில் அது பெரிதாகத் தெரியும். நேர்க்கோட்டை விட்டு வளைவு விலகும் இடம் எது என்று கண்டுபிடிக்க அவ்வளவு துல்லியம் தேவைப்பட்டது. எதிர்த்திசை யீல்ட் ஒரு கூர்மையான முனையாக வருவதில்லை. நேர்க்கோடு எப்போது முடிந்தது என்றே தெரியாமல் மெதுவாக வளைந்து போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் 441-க்கு இதுதான் காரணமாக வரும்.

ஏன் இப்படி? எஃகின் படிகத்துக்குள் நிரந்தரமான வடிவமாற்றத்தை ஏற்படுத்துபவை டிஸ்லொகேஷன் எனப்படும் கோட்டுக் குறைகள். இழுக்கும்போது அவை தங்கள் தளங்களில் நகர்கின்றன, பெருகுகின்றன. பெருகப் பெருக ஒன்றின் பாதையை இன்னொன்று குறுக்கே வெட்டும், பின்னிக்கொள்ளும். இந்தச் சிக்கலால் வரும் எதிர்ப்புக்குத் திசை கிடையாது. டிஸ்லொகேஷன் எந்தப் பக்கம் போனாலும் அதே காட்டைத்தான் கடந்தாக வேண்டும். ஓர் அலகுப் பரப்பில் எத்தனை டிஸ்லொகேஷன் கோடுகள் இருக்கின்றன என்பதன் வர்க்கமூலத்தோடு இது கூடும். சூத்திரம் இது:

τ = α·G·b·√ρ

ρ என்பது அடர்த்தி, G சறுக்குக் குணகம், b ஒரு படி நகர்வின் நீளம், α ஒன்றுக்கும் குறைந்த ஓர் எண்.

கடினமாதல் இது மட்டும் என்றால் பௌஷிங்கர் விளைவே இருக்காது. இன்னொரு பங்கும் இருக்கிறது. நகரும் டிஸ்லொகேஷன்கள் ஒரு படிகமணியின் எல்லையிலோ, ஒரு கார்பைடுத் துகளிலோ, பெர்லைட் பட்டையிலோ முட்டி நிற்கின்றன. பின்னால் வருபவை அவற்றின் மேல் வந்து குவிகின்றன. இந்தக் குவியல், தன்னை முன்னே தள்ளும் சுமைக்கு எதிராகப் பின்பக்கம் ஓர் உள் தகைவை உண்டாக்கும். பின்தகைவு என்று சொல்லலாம். கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் கலந்த எஃகில் இது இன்னும் கூடும். மென்மையான ஃபெரைட் நிரந்தரமாக நீண்டுவிடும், பக்கத்தில் உள்ள கடினமான பகுதி மீள்நிலையிலேயே இருந்துகொண்டு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதே திசையில் இழுக்கும்வரை பின்தகைவு நமக்கு எதிரி, அதனால் எஃகு கடினமாகத் தெரிகிறது. திசையை மாற்றியதும் அதே பின்தகைவு நம் பக்கம் சேர்ந்து தள்ளுகிறது. வெளியிலிருந்து கொஞ்சம் அமுக்கினாலே போதும், குவிந்து நின்றவை வந்த வழியே திரும்பி ஓடும். அந்த வழியில் பெரிய தடையும் இல்லை, இப்போதுதான் அவை அதைக் கடந்து வந்தன. எளிதாகத் திரும்பக்கூடியவை முதலில் திரும்பும், கொஞ்சம் இறுகியவை அடுத்து, நன்றாகப் பின்னியவை கடைசியாக. அதனால்தான் வளைவு கூர்மையாக உடையாமல் உருண்டையாகப் போகிறது. எதிர்த்திசையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் போனபின் எஃகு மறுபடி இறுகி, ஏறத்தாழப் பழைய அளவை நெருங்கும். பல எஃகுகளில் ஒரு சிறு குறை நிரந்தரமாகவே இருக்கும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. புதுத் தகட்டில் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் டிஸ்லொகேஷன்களைச் சுற்றி உட்கார்ந்து பூட்டியிருக்கும். அதனால்தான் சில தகடுகளில் யீல்ட் ஆனதும் தகைவு ஏறாமல் ஒரு சமதளம் வருகிறது. ஒருமுறை நிரந்தர வடிவமாற்றம் நடந்துவிட்டால் பூட்டுத் திறந்துவிடும், சமதளம் போய்விடும். சமதளத்தோடு வரும் ஃபெரைட்-பெர்லைட் தகடு பைப் ஆனபின் அதிகம் இறங்குவதும், ஆரம்பத்திலிருந்தே உருண்டையான வளைவு காட்டும் ஊசி ஃபெரைட் அல்லது பெய்னைட் வகைத் தகடு குறைவாக இறங்குவதும் இதனால்தான். பின்சொன்ன வகைக்கு ஆரம்பத்தில் வேகமாகக் கடினமாகும் குணம் உண்டு. அது இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது.

சரி, உங்கள் பைப்புக்கு வருவோம். அளவுகளை நீங்கள் சொல்லவில்லை. 762 மி.மீ. வெளிவிட்டம், 19.05 மி.மீ. சுவர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன், உங்கள் அளவை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். தட்டையான தகட்டை வட்டமாக வளைக்கும்போது மேற்பரப்பில் வரும் திரிபு:

ε = t / (D − t) = 19.05 / 742.95 ≈ 2.56%

வெளிப்பரப்பு இவ்வளவு நீள்கிறது, உட்பரப்பு இவ்வளவு சுருங்குகிறது, நடுச்சுவரில் சுழியம். அதற்குப்பின் வெல்ட் செய்து, உள்ளிருந்து இயந்திர விரிப்பானால் சுமார் 1 சதவீதம் விரிக்கிறார்கள். இது சுவரின் முழுத் தடிமனுக்கும் சுற்றளவுத் திசையில் இழுவை. தகட்டை வட்டமாக மூடும் ஓ-அழுத்தியில் வரும் சிறு அமுக்கத்தை இங்கே விட்டுவிடுகிறேன், கதையை அது மாற்றாது.

இப்போது பைப்பிலிருந்து சுற்றளவுத் திசையில் ஒரு பட்டையை வெட்டி, அழுத்தியில் வைத்துத் தட்டையாக்குகிறீர்கள். வளைத்ததை அப்படியே திருப்பிச் செய்கிறீர்கள். வெளிப்பரப்பு இப்போது 2.5 சதவீதம் சுருங்குகிறது, உட்பரப்பு 2.5 சதவீதம் நீள்கிறது. அப்புறம் மெஷினில் மாட்டி இழுக்கிறீர்கள்.

வெளிப்பக்கத்துப் பாதியின் வரலாற்றைப் பாருங்கள்: இழுவை, இழுவை, அமுக்கம், கடைசியில் மெஷினில் இழுவை. மெஷினுக்கு முந்தைய கடைசி வேலை அமுக்கம். ஆகவே மெஷின் செய்வது எதிர்த்திசைச் சுமை, பௌஷிங்கர் விளைவு முழு வீச்சில் வரும். உட்பக்கத்துப் பாதி: அமுக்கம், இழுவை, இழுவை, மெஷினில் மறுபடி இழுவை. இது அதே திசையில் தொடர்வது, ஆகவே கடினமானதாகவே காட்டும். ஒரே துண்டின் இரண்டு முகங்கள் இரண்டு வேறு எஃகுகள் மாதிரி நடந்துகொள்கின்றன.

மெஷினுக்கு இது தெரியாது. மொத்த விசையைப் பரப்பால் வகுத்து ஒரே எண்ணைத் தரும். லைன் பைப்புக்கான தர விதியான ஏபிஐ 5எல் யீல்டை மொத்தத் திரிபு 0.5 சதவீதத்தில் உள்ள தகைவாக எடுக்கச் சொல்கிறது. 450 மெகாபாஸ்கலில் மீள்நிலைத் திரிபு மட்டுமே, தகைவை எஃகின் மீள்நிலைக் குணகத்தால் வகுத்தால், 450/207000, அதாவது சுமார் 0.22 சதவீதம். மீதி 0.28 சதவீதம்தான் நிரந்தரத் திரிபு. எதிர்த்திசையில் போகும் வெளிப்பாதி இறுகி மீள ஒன்றிரண்டு சதவீதம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? நாம் அளப்பதோ 0.28-லேயே. அதாவது பௌஷிங்கர் பள்ளத்தின் அடியில் நின்றுகொண்டு அளக்கிறோம். அந்த இடத்தில் வெளிப்பாதி 368, உட்பாதி 514 தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டால்:

(368 + 514) / 2 = 441

உங்கள் எண் வந்துவிட்டது. 368-ம் 514-ம் விளக்கத்துக்காக நான் தேர்ந்தெடுத்தவை, உங்கள் தகட்டில் அளந்தவை அல்ல. உண்மையில் சுவரின் தடிமன் முழுக்க இது படிப்படியாக மாறும். ஆனால் 485 எஃகிலிருந்து 441 வருவதற்கு எங்குமே பொருள் கெட்டிருக்க வேண்டியதில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

பைப் வேலையில் அது உண்மையில் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். உள்ளே வாயு அழுத்தம் ஏறும்போது சுவர் சுற்றளவுத் திசையில் இழுக்கப்படுகிறது. ஆலையில் கடைசியாக நடந்த 1 சதவீத விரிப்பும் அதே திசை இழுவை. ஆகவே பைப்பாக இருக்கும்வரை அது கடினமான பக்கத்திலேயே இருக்கிறது. தட்டையாக்கியதுதான் திசையைத் திருப்பியது. பைப் தன் ஆயுளில் ஒருபோதும் காணப்போகாத ஒரு வேலையைச் சாம்பிளுக்குச் செய்துவிட்டு, அதன் பலவீனத்தைப் பைப்பின் பலவீனமாக எழுதிக்கொள்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து உண்டு: தட்டையாக்கிய பட்டையின் யீல்டை மட்டும் வைத்து ஒரே உருக்கில் வந்த ஒரு ஹீட்டையே நிராகரிப்பது எஃகுக்கும் அதைச் செய்தவர்களுக்கும் அநியாயம்.

அதற்காகக் குறைந்த யீல்ட் எல்லாவற்றுக்கும் பௌஷிங்கரைக் காரணம் சொல்லிவிட முடியாது. தகடு மாறியிருக்கலாம், வெல்டின் வெப்பப் பகுதியிலிருந்து வெட்டியிருக்கலாம். பிரித்தறிய மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலில் இழுவிசை வலிமை. பௌஷிங்கர் விளைவு முதல் ஓரிரு சதவீதத்தில்தான் விளையாடும். உச்சச் சுமை வரும் திரிபு அதைவிட வெகுதூரம் தள்ளி இருப்பதால், அங்கே போவதற்குள் அது அழிந்துபோயிருக்கும். தகட்டில் 570, பைப் பட்டையிலும் 570 பக்கம், யீல்ட் மட்டும் இறக்கம் என்றால் பௌஷிங்கர்தான். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் தகட்டையே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து வரைபடத்தின் வடிவம். எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வளைவையும் அச்செடுத்துப் பாருங்கள். தகட்டின் வளைவில் முழங்கை தெளிவாக இருந்து, பைப் பட்டையில் 250-300 மெகாபாஸ்கலிலிருந்தே கோடு சாயத் தொடங்கினால் அது எதிர்த்திசைச் சுமையின் கையெழுத்து. ஆனால் ஒரு எச்சரிக்கை: பட்டை முழுதாகத் தட்டையாகாமல் கொஞ்சம் வளைவு மிச்சம் இருந்தால், மெஷினின் பிடி அதை நிமிர்த்தும்போதும் வளைவின் தொடக்கம் கோணலாகும். நீட்சிமானியை ஒரு முகத்தில் மட்டும் மாட்டினால் இந்தப் பிழை நேராக யீல்டில் வந்து சேரும். இரண்டு முகத்திலும் மாட்டிச் சராசரி எடுங்கள். தட்டையாக்குபவர் மாறினால் யீல்டும் மாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கடைசியாக, தட்டையாக்காமல் சோதிப்பது. ஏபிஐ 5எல் இதற்கு இரண்டு வழி அனுமதிக்கிறது. ஒன்று, தட்டையாக்காத சுவரிலிருந்து உருளைச் சாம்பிள் கடைவது. 19 மி.மீ. சுவரில் 12.7 மி.மீ. விட்டத்துக்கு இடம் கிடைக்கும். திருப்பி வளைக்காததால் பௌஷிங்கர் வராது. ஆனால் அது நடுச்சுவரைத்தான் காட்டும், இரண்டு மேற்பரப்புகளும் கடைசலில் போய்விடும். மெல்லிய சுவர்ப் பைப்பில் நல்ல அளவுச் சாம்பிளும் கிடைக்காது. இன்னொன்று வளைய விரிப்புச் சோதனை. பைப்பிலிருந்து முழு வளையம் ஒன்றை வெட்டி, உள்ளே ரப்பர் உறை வழியாக எண்ணெய் அழுத்தம் கொடுத்து, சுற்றளவு எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது. பைப் எப்படி வேலை செய்யப்போகிறதோ அப்படியே சோதிப்பது இது ஒன்றுதான். கருவி விலை அதிகம், எல்லா ஆலையிலும் இருக்காது. இருந்தால் அதைத்தான் நம்புவேன். உங்கள் பைப்பில் வளையம் 485-க்கு மேலே காட்டினாலும் எனக்கு வியப்பு இருக்காது.

சுவர் தடிமனைப் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். விட்டத்தோடு ஒப்பிடும்போது சுவர் தடிக்கத் தடிக்க வளைப்புத் திரிபு கூடும், ஆகவே இறக்கமும் கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. பின்தகைவு ஒன்று இரண்டு சதவீதத் திரிபிலேயே ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது, அதற்குமேல் அதிகம் வளராது. திசையில்லாத கடினமாதலோ வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் மெல்லிய சுவரில்தான் இறக்கம் மோசம். தடித்த சுவரில் கடினமாதல் பிடித்து மேலே வந்துவிடும், சில சமயம் பட்டையின் யீல்ட் தகட்டைவிடக் கூடுதலாகவே வரும். விரிப்பை 1 சதவீதத்திலிருந்து கொஞ்சம் கூட்டினாலும் பட்டையின் யீல்ட் ஏறும். ஸ்பைரல் பைப்பில் பொதுவாக இந்த விரிப்பே இல்லாததால் அதே தகட்டுக்கு இறக்கம் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு பைப்பில் கண்ட 9 சதவீத இறக்கத்தை எல்லா அளவுக்கும் விதியாக எடுத்துக்கொண்டு தகடு ஆர்டர் போடாதீர்கள்.

பைப்பே பலவீனமாகும் இடம் ஒன்று உண்டு, ஆழ்கடல். அங்கே சுமை உள்ளிருந்து வருவதில்லை, கடல்நீர் வெளியிலிருந்து அமுக்குகிறது. சுவர் சுற்றளவுத் திசையில் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. ஆலையில் கடைசியாக நடந்ததோ விரிப்பு, அதாவது இழுவை. இப்போது பைப்பே எதிர்த்திசைச் சுமையில் நிற்கிறது, சாம்பிள் அல்ல. உள்ளழுத்தத்துக்கு நமக்கு உதவிய அதே 1 சதவீத விரிப்பு இங்கே தீங்கு செய்கிறது. கடலடிக் குழாய்களுக்கான டிஎன்வி விதி, யு, ஓ வடிவில் வளைத்து, வெல்ட் செய்து, விரித்துச் செய்த யுஓஇ பைப்புக்கு யீல்டை 0.85 என்ற தயாரிப்புக் காரணியால் பெருக்கித்தான் நசுங்கும் அழுத்தத்தைக் கணக்கிடச் சொல்கிறது. தையலில்லாப் பைப்புக்கு அந்தக் காரணி 1. எக்ஸ்65-ன் 450 மெகாபாஸ்கல் அங்கே 382.5 ஆகிவிடும். தடித்த சுவர்ப் பைப் ஆழத்தில் நசுங்குவதை யீல்டே பெரிதும் தீர்மானிப்பதால், இந்த 15 சதவீதத்தை ஈடுகட்டச் சுவரைத் தடிக்க வைக்க வேண்டும். பல நூறு கிலோமீட்டர் குழாயில் அது எத்தனை டன் எஃகு என்று பாருங்கள்.

இழந்ததைச் சூட்டால் ஓரளவு மீட்கலாம். அரிப்புத் தடுப்பு எப்பாக்சி பூசும்போது பைப்பை 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சில நிமிடங்கள் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கார்பன் அணுக்கள் நகர்ந்து டிஸ்லொகேஷன்களை மறுபடி பூட்டுகின்றன, திரும்பி ஓடத் தயாராக நின்றவை அங்கேயே பிடிபடுகின்றன. அமுக்க யீல்ட் குறிப்பிடத்தக்க அளவு மீண்டு வருகிறது. இதைச் சோதனையில் நிரூபித்தால் 0.85-ஐ உயர்த்த அந்த விதியே இடம் தருகிறது. ஆனால் இதே சூடு இழுவைத் திசையில் யீல்டையும் யீல்ட்-இழுவிசை விகிதத்தையும் ஏற்றிவிடும், சமதளத்தைத் திரும்பக் கொண்டுவரும். பைப்பைத் தரையில் நிலநடுக்கப் பகுதியில் பதிப்பவர்களுக்கு அது பிடிக்காது.

கணினியில் வளைப்பைப் போலச் செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். திசையில்லாத கடினமாதல் மாதிரியை மட்டும் தேர்ந்தெடுத்தால் தட்டையாக்கியபின் யீல்ட் ஏறியதாகவே விடை வரும், இறக்கத்தை அது காட்டவே காட்டாது. பின்தகைவைத் தனி மாறியாக வைத்திருக்கும் மாதிரி வேண்டும். ஆம்ஸ்ட்ராங்-ஃப்ரெடரிக் வகையும், அதைப் பல பகுதிகளாக விரித்த ஷபோஷ் வகையும் அதற்காகத்தான் இருக்கின்றன. அவற்றின் எண்களை ஒருதிசை இழுவைச் சோதனையிலிருந்து எடுக்க முடியாது. இழுத்து அமுக்கிய வளைவு ஒன்றாவது வேண்டும். அமுக்கும்போது துண்டு கோணி மடங்காமல் இருக்க, குட்டையாகவும் தடிமனாகவும் கடைய வேண்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: அதே பைப்பில், வெல்டிலிருந்து 180 டிகிரி தள்ளி, ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஒரு தட்டைப் பட்டையும் ஓர் உருளைச் சாம்பிளும் எடுங்கள். உருளை 450-க்கு மேல் தெளிவாக வந்து, இழுவிசை வலிமை இரண்டிலும் தகட்டோடு ஒத்துப்போனால், வாங்குபவரிடம் இரண்டு வளைவுகளையும் காட்டி உருளைச் சாம்பிள் முறைக்கு ஒப்புதல் கேளுங்கள். உங்கள் ஆர்டரில் எந்தச் சாம்பிள் வகை என்று முன்பே எழுதியிருந்தால், அதை மாற்ற அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அந்தப் பைப்பைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.